பெட்ரோல் போட்டவுடன் என்ஜின் தடுமாறுகிறதா? எத்தனை நிமிடத்தில் என்று முதலில் கவனியுங்கள்

பெட்ரோல் நிலையத்தில் டேங்கை நிரப்பி, பணம் கட்டி, சாவியைத் திருப்பினால் என்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. ஒருவழியாக உயிர் வந்தாலும் குலுங்குகிறது, பெட்ரோல் வாடை வருகிறது. உடனே நம் எல்லோருக்கும் வருகிற முடிவு ஒன்றுதான்: பெட்ரோல் சரியில்லை. ஜோகூரில் போட்டதாக இருந்தால் சந்தேகமே இல்லாமல் அதன்மேல் பழி போட்டுவிடுவோம்.

சாவியைத் திருப்பிய அதே நொடியில் தடுமாற்றம் ஆரம்பித்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் இப்போது போட்ட பெட்ரோல் இல்லை. அந்தப் பெட்ரோல் இன்னும் என்ஜினுக்கே போய்ச் சேரவில்லை. சிங்கப்பூரில் பலர் தேவையில்லாமல் டேங்கை வடித்து, ஸ்பார்க் பிளக் மாற்றி, இன்ஜெக்டர் சுத்தம் செய்து பணம் செலவழிப்பது இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நேரத்தை வைத்தே போகும்: பெட்ரோல் போட்டதிலிருந்து எவ்வளவு நேரத்தில் தொல்லை ஆரம்பித்தது?

ஒரு சின்னக் கணக்கு

டேங்குக்குள் இருக்கும் பம்பிலிருந்து என்ஜின் வரை நீளமான ஒரு குழாய் போகிறது. அந்தக் குழாய், இன்ஜெக்டர்கள் உட்காரும் ரெயில் எல்லாவற்றிலும் சேர்த்துச் சாதாரண காரில் தோராயமாக 150 மில்லி பெட்ரோல் நின்றிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் போடுவதற்கு முன்னால் என்ஜின் ஓடியது இதில்தான், போட்ட பிறகு முதலில் எரியப்போவதும் இதுதான்.

100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் கார் என்றால், கிலோமீட்டருக்கு 70 மில்லி. அப்படியானால் குழாயில் நிற்கும் பழைய பெட்ரோல் தீரவே 2 கிலோமீட்டர் ஓட வேண்டும். நிறுத்தி வைத்து ஐடிலிங்கில் விட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிதான் செலவாகும், அதாவது நிமிடத்துக்கு 13 மில்லி. 150 மில்லி தீரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். பம்ப் உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தில் இருக்கும் பழைய பெட்ரோலையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் தாமதமாகும். உங்கள் காரின் அளவு இதைவிடக் கூடலாம், குறையலாம். ஆனால் நொடிகளில் நடக்கிற விஷயம் இல்லை என்பது மாறாது.

ஆக, சாவியைத் திருப்பியதுமே தொல்லை என்றால் ஆவியையும் சூட்டையும் சந்தேகிக்க வேண்டும். நன்றாகக் கிளம்பி, இரண்டு மூன்று கிலோமீட்டர் போன பிறகு, ஏதோ ஒரு சிக்னலிலோ விரைவுச்சாலையில் ஏறும்போதோ தடுமாறினால் எரிபொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

சாவியைத் தொடும் முன்

ஒரே ஒரு சூழ்நிலையில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. டீசல் வண்டியில் பெட்ரோல் போட்டுவிட்டதாகவோ, பெட்ரோல் வண்டியில் டீசல் போட்டுவிட்டதாகவோ நிலையத்திலேயே தெரிந்துவிட்டால், என்ஜினைக் கிளப்பவே கூடாது. சாவியை ஒரு சுற்றுத் திருப்பினாலே போதும், பல வண்டிகளில் டேங்க் பம்ப் ஓடி, போட்டதை முன்னால் தள்ள ஆரம்பித்துவிடும். ஊழியரிடம் சொல்லுங்கள், நியூட்ரலில் போட்டு ஓரமாகத் தள்ளுங்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

இதில் அதிகம் நடப்பது டீசல் வண்டியில் பெட்ரோல் போடுவதுதான். டீசல் நாசில் பெட்ரோல் கார்களின் வாயைவிடப் பருமனாக இருப்பதால் அங்கே பெரும்பாலும் நுழையாது. பெட்ரோல் நாசிலோ டீசல் வண்டியின் அகலமான வாய்க்குள் தடையில்லாமல் போய்விடும். பகலில் டெலிவரி வேன் ஓட்டிவிட்டுச் சாயங்காலம் சொந்தக் கார் எடுப்பவர்கள் இதில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். டீசல் பம்பும் இன்ஜெக்டர்களும் டீசலின் வழுவழுப்பை நம்பித்தான் உள்ளே தேயாமல் ஓடுகின்றன. பெட்ரோல் அந்த வழுவழுப்பைக் கழுவிவிடும். கிளப்பாமல் விட்டால் டேங்கை வடிப்பதோடு செலவு முடியும். கிளப்பி ஓட்டினால் உயர் அழுத்தப் பம்ப், ரெயில், இன்ஜெக்டர் எல்லாமே போகலாம்.

நொடியிலேயே ஆரம்பித்தால்: பர்ஜ் வால்வு

டேங்கில் இருக்கும் பெட்ரோல் எப்போதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும், நம் ஊர் சூட்டில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி வெளியே போகாமல் இருக்க, கரித்துண்டுகள் நிரம்பிய கேனிஸ்டர் என்ற ஒரு டப்பா அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு என்ஜின் சூடாகி ஓடும்போது, பர்ஜ் வால்வு என்ற சின்ன மின்வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, அந்த ஆவியை என்ஜின் உறிஞ்சி எரிக்கும்படி விடும். மின்சாரம் வராதபோது இந்த வால்வு மூடியே இருக்க வேண்டும்.

வால்வுக்குள் தூசியோ கரித்துகளோ மாட்டி அது முழுதாக மூடாமல் போனால் என்ன ஆகும்? பெட்ரோல் போடும்போது டேங்கில் ஆவி கலங்கிப் பெருகுகிறது. மூடாத வால்வு வழியாக அது நேரே என்ஜினின் காற்று வழிக்குள் வந்து தேங்குகிறது. நீங்கள் சாவியைத் திருப்பும்போது இன்ஜெக்டர் தரும் பெட்ரோலோடு இந்த ஆவியும் சேர்ந்துகொள்கிறது. காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகி, தீப்பொறி பிடிக்காமல் என்ஜின் இழுக்கிறது. ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்துக்கொண்டு கிளப்பினால் காற்று கூடுவதால் பிடித்துவிடும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ குலுங்கிவிட்டு, எதுவுமே நடக்காததுபோல ஓடும். அடுத்த முறை பெட்ரோல் போடும்வரை தொல்லை இருக்காது.

இந்தக் குணம் அப்படியே பொருந்தினால் ஐந்துக்கு நாலு பங்கு வேலை முடிந்த மாதிரி. மீதியை இப்படி உறுதிப்படுத்தலாம்.

முதலில் வால்வைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலான நான்கு சிலிண்டர் கார்களில் அது என்ஜினின் மேல்பக்கமோ பக்கவாட்டிலோ, காற்று வழிக்கு அருகில் இருக்கும். இரண்டு மெல்லிய குழாய்களும் ஒரு மின் பிளக்கும் இணைந்த, கட்டைவிரல் பருமனான கறுப்பு உருளை. ஒரு குழாய் என்ஜினுக்குள் போகும், இன்னொன்று பின்பக்கம் கேனிஸ்டரை நோக்கி ஓடும்.

என்ஜினை ஐடிலிங்கில் விட்டு, அந்த மின் பிளக்கைக் கழற்றுங்கள். இதைச் செய்யாமல் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். சூடான என்ஜினில் கணினியே வால்வைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும், அப்போது உறிஞ்சல் இருப்பது இயல்பு. பிளக் கழன்ற பிறகு வால்வு மூடியாக வேண்டும். இப்போது கேனிஸ்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வையுங்கள். உறிஞ்சல் இல்லையென்றால் வால்வு நல்லது. விரலை இழுத்துப் பிடித்தால் அது கசிகிறது. வாயால் ஊதியோ உறிஞ்சியோ பார்க்காதீர்கள், உள்ளே இருப்பது பெட்ரோல் ஆவி. வேலை முடிந்து பிளக்கைத் திரும்ப மாட்டிய பிறகு செக் என்ஜின் விளக்கு எரியலாம். பிளக் கழன்றிருந்ததைத்தான் கணினி பதிவு செய்திருக்கும், ஸ்கேனரால் அழித்துவிடலாம்.

ஸ்கேனர் வைத்திருந்தால் இன்னும் தெளிவான சாட்சி கிடைக்கும். என்ஜின் கணினி ஒவ்வொரு கணமும் பெட்ரோலைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதைச் சதவீதத்தில் காட்டும், திரையில் அது STFT என்று வரும். நல்ல காரில் பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் சில சதவீதம் ஆடிக்கொண்டிருக்கும். பெட்ரோல் போட்ட கையோடு அது மைனஸ் 15, மைனஸ் 20 என்று இறங்கி நின்றால், எங்கிருந்தோ வருகிற கூடுதல் பெட்ரோலைச் சமாளிக்கக் கணினி இன்ஜெக்டரைக் குறைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வால்வுக்கு வரும் கேனிஸ்டர் பக்கத்துக் குழாயை நசுக்கிப் பிடித்தவுடன் அந்த எண் பூஜ்யத்தை நோக்கி ஏறினால், கூடுதல் பெட்ரோல் அந்தக் குழாய் வழியாகத்தான் வருகிறது. வேறு சாட்சி தேவையில்லை. `P0172`, `P0441`, `P0496` போன்ற கோடுகள் பதிவாகியிருக்கலாம். எதுவுமே பதிவாகாமலும் இருக்கலாம், ஏனென்றால் தொல்லை ஒரு நிமிடத்தில் தானாக மறைந்துவிடுகிறது. கோடு இல்லை என்பதற்காக வால்வை விட்டுவிடாதீர்கள்.

ஜோகூர் பெட்ரோல்மேல் விழுந்த பழி

வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் ஒருவர், உட்லண்ட்ஸ் பக்கம் வீடு. 1.6 லிட்டர் ஜப்பானியக் கார், ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. வாரக்கடைசியில் குடும்பத்தோடு ஜோகூர் பாரு போய்வருவார், வரும்போது அங்கே 97 போட்டுக்கொண்டு வருவார். வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்கு அங்கே 95 விற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அங்கே போட்டதும் கார் கிளம்ப மறுக்கிறது, அப்புறம் குலுங்குகிறது, பாலம் ஏறுவதற்குள் சரியாகிவிடுகிறது. "தம்பி, அந்தக் கடை பெட்ரோல்ல தண்ணி கலக்கிறான், வேற கடையிலும் போட்டுப் பார்த்துட்டேன், அங்கேயும் அதேதான்" என்றார்.

"அண்ணே, இங்கே போடும்போது வருதா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இங்கே வருவதில்லை என்றார். இங்கே எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டதும்தான் விஷயம் வெளியே வந்தது. இங்கே விலை அதிகம் என்பதால் 30 வெள்ளிக்கோ 40 வெள்ளிக்கோ போடுவார், டேங்க் முக்காலை ஒட்டியே நிற்கும், அதற்குமேல் பெரிதாகப் போகாது. அங்கே போடும்போது நாசில் கிளிக் என்று நின்ற பிறகும், காரைக் குலுக்கி, திரும்பத் திரும்ப அழுத்தி, வாய் வரை நிரப்புவார்.

தண்ணீர் கலந்திருந்தால் தொல்லை பாலத்துக்கு முன்னால் தீராது, பாலத்தில்தான் ஆரம்பிக்கும். அதுவும் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் காரில் இன்னும் தாமதமாகவே வரும். எனவே பெட்ரோல்மேல் போட்ட வழக்கு நேரத்தாலேயே தள்ளுபடி. அப்புறம் வால்வைப் பார்த்தோம். பிளக்கைக் கழற்றிய பிறகும் விரலை இழுத்தது. வால்வைக் கழற்றித் தட்டினால் வெள்ளைத் துணியில் கறுப்பு மணிகள் உதிர்ந்தன. கேனிஸ்டரிலிருந்து பிய்ந்து வந்த கரித்துண்டுகள்.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நாசில் தானாக நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு வெற்றிடம் விட்டிருப்பார்கள். பெட்ரோல் விரிவடையவும் ஆவி நிற்கவும் அந்த இடம் வேண்டும். அதையும் நிரப்பினால், ஆவி மட்டும் போக வேண்டிய குழாயில் பெட்ரோலே திரவமாகப் போய்க் கேனிஸ்டரை நனைத்துவிடும். கரி ஆவியைப் பிடிப்பதற்காக வைத்தது, திரவத்தில் ஊறினால் அது சிதைந்து மணிமணியாக உதிர ஆரம்பிக்கும். அந்த மணிகள் முன்னால் வந்து வால்வின் இருக்கையில் சிக்கிக்கொள்ளும். அப்புறம் அது மூடாது.

இப்படிக் கரிமணி கண்ணில் பட்டால் வால்வை மட்டும் மாற்றிவிட்டு வரக் கூடாது. கேனிஸ்டரையும் மாற்ற வேண்டும், நடுவில் ஓடும் குழாயைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லையென்றால் புது வால்வும் அதே மணிகளை வாங்கிக்கொண்டு சீக்கிரமே கசியும். பட்டறைக்காரர் வால்வு மட்டும் போதும் என்றால், கழற்றிய வால்வை உங்கள் கண்முன்னால் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். மணி உதிரவில்லை என்றால் அவர் சொல்வது சரி.

இன்னொன்று. 1991 முதல் சிங்கப்பூர்ப் பதிவுக் கார்கள் எல்லையைத் தாண்ட முக்கால் டேங்க் இருந்தாக வேண்டும். அது முக்கால்தான். சோதனைச்சாவடியில் முள் சரியாகக் காட்ட வேண்டும் என்று கிளிக்குக்குப் பிறகும் அழுத்துவோர் இருக்கிறார்கள். முதல் கிளிக்கில் நின்ற டேங்க் முக்காலைத் தாண்டித்தான் இருக்கும், கவலைப்படத் தேவையே இல்லை.

நொடியில்தான் ஆரம்பிக்கிறது, ஆனால் வால்வு நல்லது

அப்போது சூட்டைப் பாருங்கள். விரைவுச்சாலையில் ஓடி வந்த காரை மதிய வெயிலில் நிறுத்தி என்ஜினை அணைத்தால், காற்றோட்டம் நின்று பானட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். ரெயிலில் நிற்கும் பெட்ரோலின் அழுத்தம் இறங்காமல் இருந்தால் அது கொதிக்காது. பம்பில் உள்ள ஒருவழி வால்வு தேய்ந்து அழுத்தம் இறங்கிவிட்டாலோ, இன்ஜெக்டர் சொட்டினாலோ, ரெயிலில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். கிளப்பும்போது முதல் சில நொடிகள் பெட்ரோலுக்குப் பதில் ஆவி வந்து குலுக்கும்.

இதைப் பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு. பெட்ரோல் போடாமல், அதே மாதிரி ஓடிச் சூடான காரை ஏதாவது ஒரு கடை வாசலில் பத்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டுக் கிளப்பிப் பாருங்கள். அப்போதும் அதே தடுமாற்றம் என்றால் பெட்ரோல் போட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பெட்ரோல் நிலையத்தில் என்ஜினை அணைக்கிறோம் என்பதுதான் சம்பந்தம். அடுத்த முறை சாவியை ஆன் நிலையில் இரண்டு நொடி வைத்து, அணைத்து, மறுபடி ஆன் செய்து, அப்புறம் கிளப்புங்கள். ஒவ்வொரு முறையும் பம்ப் கொஞ்சம் ஓடி அழுத்தத்தை ஏற்றும். அப்படிச் செய்து சுத்தமாகக் கிளம்பினால், பட்டறையில் எரிபொருள் அழுத்தமானியை வைத்து, என்ஜினை அணைத்த பிறகு அழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சில கிலோமீட்டர் கழித்து ஆரம்பித்தால்: தண்ணீர் அல்லது வேறு எண்ணெய்

இங்கேதான் பெட்ரோல் உண்மையிலேயே குற்றவாளி. நன்றாகக் கிளம்பிய கார், இரண்டு மூன்று கிலோமீட்டரில் விக்க ஆரம்பிக்கும். மிதித்தால் ஏறாது, சில சமயம் நிற்கும். நேரம் ஆக ஆகச் சரியாகாமல் மோசமாகும். வளைவிலும் பிரேக்கிலும் மாறி மாறி விக்கினால் தண்ணீரை இன்னும் வலுவாகச் சந்தேகிக்கலாம், ஏனென்றால் அடியில் கிடக்கும் தண்ணீர் அங்குமிங்கும் ஓடிப் பம்பின் வாய்க்கு வந்து வந்து போகிறது. பின்னால் வெண்புகையும் எண்ணெய் வாடையும் வந்தால் டீசல் கலந்திருக்கலாம்.

தண்ணீர் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? எத்தனால் கலக்காத பெட்ரோல் தண்ணீரை ஏறக்குறைய ஏற்றுக்கொள்வதே இல்லை. 50 லிட்டர் டேங்கில் கரைந்து மறையக்கூடியது ஒரு தேக்கரண்டி அளவுதான். அதற்கு மேல் வருவதெல்லாம் கனம் காரணமாக அடியில் போய் உட்காரும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அதனால் டேங்கில் 49 லிட்டர் நல்ல பெட்ரோல் இருந்தாலும் என்ஜினுக்கு முதலில் போவது அந்த ஒரு லிட்டர் தண்ணீராக இருக்கும். தண்ணீரை நீக்கும் என்று விற்கிற சின்னப் பாட்டில்களை இந்த நிலையில் நம்பாதீர்கள். டேங்கின் ஓரத்தில் வியர்த்த சில துளிகளுக்கு அவை உதவலாம், ஒரு லிட்டருக்கு உதவாது.

செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி ஓரங்கட்டலாம். விட்டு விட்டு மின்னினால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுடவைக்கிறது என்று பொருள், உடனே நிறுத்த வேண்டும். விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் சாலையின் ஓரத் தடத்துக்குப் போய், பயணிகளைத் தடுப்புக்கு அப்பால் நிற்கவையுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இமாஸ் மீட்பு வண்டி வந்து, அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை கட்டணமில்லாமல் இழுத்துச் செல்லும். அங்கிருந்து பட்டறை வரைக்கும் இழுவைச் செலவு உங்களுடையது.

அடுத்து மாதிரி எடுக்க வேண்டும். இதை வீவக கார் நிறுத்துமிடத்தில் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் ஒரு பொறியைத் தேடிப் பிடிக்கும். சின் மிங், காக்கி புக்கிட், ஊபி பக்கம் இருக்கும் பட்டறைகளில், பின்சீட்டைத் தூக்கி, பம்ப் மூடியைத் திறந்து டேங்கின் அடியிலிருந்தே எடுப்பார்கள். அடியிலிருந்து எடுப்பதுதான் முக்கியம். மேலாக எடுத்தால் நல்ல பெட்ரோல்தான் வரும், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். நேரடி இன்ஜெக்ஷன் கார்களில் உயர் அழுத்தக் குழாயை யாரும் அவிழ்க்கக் கூடாது, குறைந்த அழுத்தப் பக்கம்தான்.

ஒரு தெளிவான கண்ணாடிக் குடுவையில் அரை லிட்டர் எடுத்து, அசையாமல் அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனி அடுக்காக நிற்கும், நடுவில் கோடு தெரியும். கோடு சரியாகத் தெரியவில்லை என்றால், சமையலுக்கு வைத்திருக்கும் நீர்ம வண்ணத்தில் ஒரு துளி விடுங்கள். அது பெட்ரோலில் கலக்காமல் உருண்டையாக இறங்கி, தண்ணீரைத் தொட்டதும் அதை மட்டும் நிறமாக்கும். டீசல் சந்தேகம் என்றால் வெள்ளைத் தாளில் சில துளிகள் விட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பெட்ரோல் சில நிமிடத்தில் போய்விடும், டீசல் எண்ணெய்க் கறையாகத் தங்கும்.

டீசல் வேன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பல வண்டிகளில் எரிபொருள் ஃபில்டரின் அடியில் தண்ணீர் தேங்கும் கிண்ணமும் அதை வடிக்கும் திருகும் இருக்கும். டாஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தால் அப்போதே நிறுத்தி வடித்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை வடித்ததும் விளக்கு அணைந்து திரும்ப வராமல் இருந்தால் ஓட்டலாம். கொஞ்ச தூரத்தில் மறுபடி எரிந்தால் டேங்கிலேயே தண்ணீர் கிடக்கிறது. உயர் அழுத்தப் பம்புக்குள் தண்ணீர் போனால் துருவும் தேய்மானமும் சீக்கிரம் வந்துவிடும், டெலிவரியை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கிரேடு தவறிப்போனால்

95 கேட்கிற காரில் 92 போட்டுவிட்டேன், அதனால்தான் குலுங்குகிறதா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. ஆக்டேன் குறைவது ஐடிலிங்கைக் கெடுக்காது. சரிவு ஏறும்போதும் பலமாக மிதிக்கும்போதும் டிக் டிக் என்று நாக்கிங் சத்தம் வரும், இழுவை கொஞ்சம் குறையும். நாக் சென்சார் உள்ள கார் தீப்பொறியைத் தாமதப்படுத்திச் சமாளித்துக்கொள்ளும். மெதுவாக ஓட்டி, அரை டேங்க் தீர்ந்ததும் 98 போட்டுக் கலந்துவிட்டால் போதும், வடிக்க வேண்டாம். டர்போ காராக இருந்து 98 கேட்பதாக இருந்தால் மட்டும், கலக்கும்வரை விரைவுச்சாலையில் பலமாக மிதிக்காதீர்கள். 95 காரில் 98 போட்டால் கெடுதல் ஒன்றுமில்லை, பயனும் பெரிதாக இல்லை.

வடிப்பதும் பணம் கேட்பதும்

தண்ணீரோ டீசலோ உறுதியானால் டேங்கை முழுக்க வடித்து, அடியைத் துடைத்து, ஃபில்டரை மாற்றி, குழாயில் இருப்பதையும் நல்ல பெட்ரோலால் தள்ளி வெளியேற்ற வேண்டும். குழாயை மறந்தால் கிளம்பி இரண்டு கிலோமீட்டரில் அதே விக்கல் திரும்ப வரும். முதலில் சொன்ன கணக்குத்தான். பெட்ரோல் காரில் இன்ஜெக்டர்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும், எனவே வடித்து ஓட்டிப் பார்க்கும் முன்னால் இன்ஜெக்டர் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

வடிக்கும் முன்னால் ஆதாரத்தைச் சேருங்கள், வடித்த பிறகு சேர்க்க முடியாது. ரசீது, பம்ப் எண், நேரம், ஓடோமீட்டரின் படம், தொல்லை ஆரம்பித்த இடம். பெட்ரோல் போட்ட இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் உள்ள தூரமே பெரிய சாட்சி. டேங்கின் அடியிலிருந்து எடுத்த இரண்டு மாதிரிகளைத் தனித்தனிக் கண்ணாடிப் பாட்டிலில் மூடி, தேதி எழுதி, படம் எடுத்து, பட்டறையிலேயே பாதுகாப்பாக வைக்கச் சொல்லுங்கள். என்ன கண்டார்கள் என்பதைப் பட்டறை எழுத்தில் தர வேண்டும். "எரிபொருள் பிரச்சினை" என்று ஒரு வரி போதாது. டேங்கின் அடியில் இத்தனை மில்லி தண்ணீர் இருந்தது என்று எழுதச் சொல்லுங்கள்.

அதன் பிறகு அன்றைக்கே நிலையத்துக்கும் அதன் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், அதே பம்பைப் பற்றி வேறு புகார் வந்ததா என்றும் கேளுங்கள். நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இருந்தால் நீங்கள் ஒருவர் மட்டும் நின்றிருக்க மாட்டீர்கள். வேறு யாருக்கும் வரவில்லை என்றால் உங்கள் டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தையும், வெள்ளத்தில் ஓட்டியதையும், மூடியருகே உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவியதையும் நேர்மையாக யோசிக்க வேண்டும்.

அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். அதிலும் தீரவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், வழக்கறிஞர் வைக்க முடியாது. கோரிக்கையில் இழுவைச் செலவு, வடித்த செலவு, ஃபில்டர், வீணான பெட்ரோலின் விலை ஆகியவற்றை ரசீதோடு தனித்தனியாகப் போடுங்கள். வாடகைக் கார் ஓட்டுநர்கள் ஓடாமல் போன நாட்களின் வருமானத்தையும் கேட்க விரும்பினால், முந்தைய வாரங்களின் வருமானப் பதிவைச் செயலியிலிருந்து எடுத்து இணைக்க வேண்டும்.